அட்வான்ஸ் பணம் முழுதாகத் திரும்பி வர: வாடகை ஒப்பந்தம் பற்றி ஓர் எளிய விளக்கம்

வாடகைக்கு வீடு எடுக்கும் ஒரு குடும்பம் ஒரே நாளில் பிறர் கையில் கொடுக்கும் மிகப் பெரிய தொகை, பெரும்பாலும் அட்வான்ஸாகத்தான் இருக்கும். நகையை அடகு வைத்தோ, குழுவில் கடன் வாங்கியோ, சீட்டை எடுத்தோ திரட்டிய பணம் அது. ஆனால் ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக்குக்கூட நோட்டில் எழுதி வைக்கும் நாம், ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸைச் சாவி வாங்கும் அவசரத்தில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் கொடுத்துவிடுகிறோம். மேலப்பாளையத்தில் மகளிர் குழுவினரும் அவர்களுடைய குடும்பத்தினரும் கூடிய ஒரு தெருக் கூட்டத்தில் வாடகைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தொகையைச் சுற்றியே இருந்தமையால், அங்கே பேச்சுமொழியில் சொன்னவற்றை அட்வான்ஸ் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பணம் யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சட்டம் இதைக் காப்புத்தொகை என்று சொல்கிறது. குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்தாலோ, வீட்டுக்குச் சேதம் விளைவித்தாலோ ஈடுகட்டிக்கொள்வதற்காக உரிமையாளரிடம் ஒப்படைத்து வைக்கும் பணம் இது. அத்தகைய பாக்கி எதுவும் இல்லாத வரையில் இது குடியிருப்பவரின் பணமே. நடைமுறையிலோ உரிமையாளர் இதைத் தமக்குக் கிடைத்த வட்டியில்லாக் கடனாகவே நினைக்கிறார். மகள் கல்யாணத்துக்கோ மாடியில் ஓர் அறை எழுப்புவதற்கோ அது செலவாகிவிடுகிறது. குடியிருப்பவர் காலி செய்கிறேன் என்று சொல்லும் நாளில் உரிமையாளர் கையில் பணம் இருப்பதில்லை. ஆகவே அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்கிறார். நான் பார்த்த வரையில், ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு அட்வான்ஸைப் பிடித்து வைப்பவர்களைவிட, கையில் பணம் இல்லாததால் காரணம் தேடிப் பிடித்தம் செய்பவர்களே அதிகம். இது தெரிந்திருந்தால் பேச்சை எங்கே தொடங்குவது என்பதும் தெரியும்: காலி செய்யும் தேதியை இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, பணத்தைத் திரட்ட அவருக்கு நேரம் கொடுப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதை நீக்கிவிட்டு, உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017 ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இது நகர்ப்பகுதிகளுக்கென எழுதப்பட்ட சட்டம். திருநெல்வேலி மாநகராட்சிக்குள் வரும் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் போன்ற இடங்களிலும், அம்பாசமுத்திரம், களக்காடு போன்ற நகராட்சிகளிலும், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் போன்ற பேரூராட்சிகளிலும் இருப்பவர்கள் இதை நேரடியாகத் தங்கள் சட்டமாகக் கொள்ளலாம். கிராம ஊராட்சியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் தாங்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தமுமே துணை. கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமான வீடுகளில் குடியிருப்போருக்கு வேறு விதிகள் உண்டு என்பதால், இங்கே தனியார் வீடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அட்வான்ஸைப் பற்றி இந்தச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்கக் கூடாது. இரண்டு, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் முதல் செய்தியைச் சொன்னவுடனேயே முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "அப்போ பத்து மாச அட்வான்ஸ் வாங்குதாவளே, அது தப்பா?" என்று கேட்டார். அதற்கு நேரான பதிலைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில் என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. அதாவது, பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதம் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், மூன்று மாதம் என்ற வரம்பைக் காட்டி அதைப் பிற்பாடு மறுப்பது கடினம். மூன்று மாத வரம்பு கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேரம் பேசத்தான் உதவும். கையெழுத்துக்குப் பின்னால் அதற்கு வலு குறைவு. காலி செய்த ஒரு மாதத்துக்குள் என்ற கெடுவோ காலி செய்த பிறகுதான் பயன்படும். அடுத்த ஆள் வரட்டும் என்ற பதிலுக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அறிவுரை அன்று, சட்டத்தின் கட்டாயம். வாய்ப்பேச்சில் நடக்கும் வாடகை யாருக்கும் சிக்கல் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, குடியிருப்பவரை வெளியேற்றக் கோரி உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போக முடியும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்கள், இத்தனை காலம் இருந்துவிட்டதால் தங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது என்று நம்பியிருப்பது நம் பக்கத்தில் சகஜம். பழைய சட்டத்தின் காலத்து நம்பிக்கை அது. புதிய சட்டத்தில் எழுத்து இல்லாத நீண்ட குடியிருப்பு பலவீனமான நிலையே.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்ப்பதற்காகவே காலத்தைப் பதினொரு மாதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் பதினொரு மாதம் என்று எழுதிவிட்டால் எங்கும் பதிய வேண்டியதில்லை என்று பலரும் நினைக்கிறார்கள், அதுதான் தவறு. 2017 ஆம் ஆண்டின் சட்டம் கேட்பது வேறொரு பதிவு. ஒப்பந்தக் காலம் எவ்வளவாக இருந்தாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இந்தச் சட்டம். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அரசு அலுவலர். நம் மாவட்டத்தில் இதைப் பற்றித் திருநெல்வேலி கோட்டாட்சியர் அலுவலகத்திலோ சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிவை இணையத்தில் tenancy.tn.gov.in என்ற முகவரியிலேயே செய்ய முடியும். இரு தரப்பினரின் பெயர், முகவரி, அடையாள எண்கள், வீட்டின் விவரம், வாடகை, காலம் ஆகியவற்றை நிரப்பி, ஒப்பந்தத்தையும் ஏற்ற வேண்டும். பதிந்ததற்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். கைப்பேசியில் சிரமமாக இருந்தால் கணினி மையத்தில் செய்துகொள்ளலாம். உரிமையாளர்தான் செய்ய வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். இப்படிப் பதியாத ஒப்பந்தம், பின்னாளில் வழக்கு என்று வரும்போது சான்றாக ஏற்கப்படுவதில் தடை எழும் என்பதால், இந்த அரைநாள் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

பத்திரத்தாள் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் நீதிமன்ற வாசல் வரையில்தான் செல்லும். முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கான முத்திரைக் கட்டணம் மொத்த வாடகையையும் முன்பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம். குறைவாகக் கட்டியிருந்தால் ஆவணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் குறைந்த தொகையையும் அபராதத்தையும் கட்டிய பிறகே நீதிமன்றம் அதைச் சான்றாகப் பார்க்கும்.

இனி ஒப்பந்தத்தின் உள்ளே அட்வான்ஸைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்பதற்கு வருவோம். கடைகளில் அச்சடித்து விற்கும் படிவங்களில், காலி செய்யும்போது பாக்கி போக மீதியைத் திருப்பிக் கொடுப்பேன் என்று ஒரே வரி இருக்கும். அந்த வரியில் பாக்கி என்றால் என்ன என்று சொல்லப்படாததுதான் பிற்பாடு நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் காரணம். எனவே அட்வான்ஸ் தொகை எண்ணாலும் எழுத்தாலும், அது எந்தத் தேதியில் எப்படிக் கொடுக்கப்பட்டது, காலி செய்த எத்தனை நாளில் திருப்பித் தரப்படும், என்னென்ன இனங்களுக்குப் பிடித்தம் செய்யலாம், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா கூடாதா என்பனவற்றைத் தனித்தனி வாக்கியங்களாக எழுத வேண்டும். இரண்டு பிரதிகளிலும் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். நகல் தருகிறேன் என்ற வாக்குறுதியை நம்பி அசலில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வரக் கூடாது.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதிலும் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. உரிமையாளர் மும்பையிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். இங்கே மச்சினரோ சித்தப்பாவோ வீட்டைக் காட்டி, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, மாத வாடகையையும் வசூலிப்பார். காலி செய்யும் நாளில், அட்வான்ஸ் என் கைக்கு வரவே இல்லை என்று உரிமையாளர் சொல்ல, நான் அப்போதே அவர் கணக்கில் போட்டுவிட்டேன் என்று உறவினர் சொல்ல, நடுவில் குடியிருந்தவர் நிற்பார். இதற்கு எளிய தடுப்பு, பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது. உறவினர் கையெழுத்துப் போடுவதானால், அவருக்கு அதிகாரம் கொடுத்த பவர் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுத் தீர்வை ரசீதும் மின் கட்டண அட்டையும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. இப்படிக் கேட்டால் மனவருத்தம் வரும் என்று தயங்குகிறார்கள். முன்பே கேட்பதால் வரும் வருத்தம் ஒரு நாளில் ஆறிவிடும் என்பது என் அனுபவம்.

வாடகைப் பணத்துக்கும் இதே விதிதான். வாங்கும் வாடகைக்கு ரசீது கேட்பது வாடகைதாரரின் உரிமை. ரசீது எழுதித் தரும் பழக்கம் இல்லாத வீடுகளில், வங்கி வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ செலுத்தி, குறிப்புப் பகுதியில் எந்த மாத வாடகை என்று எழுதிவிட்டால் அதுவே ரசீதாக நிற்கும்.

குடி போகும் நாளில் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பால் காய்ச்சுவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். சாமான்களை இறக்கும் முன்பு, வெறும் வீட்டை அறை அறையாகக் கைப்பேசியில் காணொளி எடுக்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணித் துளைகள், ஈரம் ஏறிய இடங்கள், உடைந்த டைல்ஸ், வேலை செய்யாத சுவிட்சு, ஒழுகும் குழாய், கீறல் விழுந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவற்றை நெருங்கிப் படம் எடுக்க வேண்டும். கடைசியாக மின்மீட்டரின் எண்களைத் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம். பிறகு அவற்றை உரிமையாளரின் வாட்ஸ்அப்புக்கு, இன்று குடி வரும்போது வீடு இந்த நிலையில் இருந்தது என்ற ஒரு வாக்கியத்தோடு அனுப்பிவிட வேண்டும். தேதியும் நேரமும் அதில் தாமாகவே பதிந்துவிடும். சாவியை ஒப்படைக்கும் நாளிலும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பழுதுகள் யார் பொறுப்பு என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், சுவர்களுக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமும் மின்கம்பி இழுப்பது ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாயின் வாஷர், குழாய்த் தலை, சுவிட்சு, பிளக், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்ற அன்றாடச் சிறு பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. இந்தப் பிரிவினை தெரிந்திருந்தால் அட்வான்ஸ் கணக்கில் பாதிச் சண்டை குறையும். குடியிருந்ததால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பு இல்லை என்பது பழைய சொத்து மாற்றுச் சட்டத்திலேயே உள்ள விதி என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாளையங்கோட்டையில் தையல் தொழில் செய்யும் ஒரு பெண், மாதம் 7,000 ரூபாய் வாடகைக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வீட்டில் மூன்று ஆண்டு இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பதினொரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து எழுதி வந்தார்கள். அதில் வெள்ளையடிப்பது பற்றி எந்த வரியும் இல்லை. காலி செய்த பிறகு உரிமையாளர் 23,000 ரூபாயை மட்டும் கொடுத்து, மீதி 27,000 ரூபாய்க்கு ஒரு தாளில் கணக்கு எழுதித் தருகிறார்: வெள்ளையடிக்க 15,000, சமையலறைக் குழாய்த் தலை மாற்ற 600, சுவிட்சுப் பலகை சரிசெய்ய 900, கரண்டு பில் 1,000, தராத கடைசி மாத வாடகை 7,000, சுவரில் ஆணி அடித்ததற்கு 2,500.

இந்தத் தாளைப் பார்த்ததும் எல்லாமே அநியாயம் என்று கத்துவதும், பெரிய மனுஷர் சொன்னால் சரிதான் என்று வந்துவிடுவதும் ஒரே அளவுக்குத் தவறு. ஒவ்வோர் இனமாகப் பார்க்க வேண்டும். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்ணே சொல்லியிருந்தார். எனவே 7,000 ரூபாய் சரியான பிடித்தம். குழாய்த் தலையும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்பதால் 600 ரூபாயும் 900 ரூபாயும் சரியே. கடை ரசீதைக் கேட்டுப் பார்ப்பதில் மட்டும் தவறில்லை. வெள்ளையடிப்பது வேறு கதை. அது அட்டவணைப்படி உரிமையாளரின் செலவு. ஒப்பந்தத்தில் வேறு வரி இல்லாதபோது, மூன்று ஆண்டு மனிதர்கள் வாழ்ந்த வீட்டின் சுவர் மங்கியிருப்பதற்காக 15,000 ரூபாய் கேட்க முடியாது. காலண்டரும் சாமி படமும் மாட்டிய ஆணித் துளைகள் இயல்பான பயன்பாட்டில் அடங்கும் என்றே நான் சொல்வேன். டைல்ஸில் துளை போட்டு அது வெடித்திருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

கரண்டு பில்லில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுக்கப்படுகிறது. அந்தப் பெண் காலி செய்தது கணக்கெடுப்புக்கு நடுவில். அதன் பிறகு அதே வீட்டில் வெல்டிங் வேலையும் பெயிண்டிங் வேலையும் நடந்தன. அடுத்து வந்த பில்லில் மொத்தம் 360 யூனிட் ஓடியிருந்தது. சாவி கொடுத்த நாளில் எடுத்த மீட்டர் படத்தை முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால், இவர் காலத்தில் ஓடியது 270 யூனிட். யூனிட் விகிதப்படி பார்த்தால் 1,000 ரூபாயில் இவர் பங்கு 750 ரூபாய். மீட்டர் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் இது துல்லியமான கணக்கு அன்று. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய கணக்கு.

ஆக, நியாயமான பிடித்தம் 7,000, 600, 900, 750 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 9,250 ரூபாய். திரும்ப வேண்டியது 40,750. கொடுத்தது 23,000. இன்னும் வர வேண்டியது 17,750 ரூபாய். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கோபத்தைவிட இந்த ஓர் எண் அதிக உதவி செய்யும். ஏனென்றால், இவர் தரப்பிலும் 9,250 ரூபாயை ஒப்புக்கொண்டுதான் மீதியைக் கேட்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கூட்டத்தில் ஒருவர், "அதுக்கு, கடைசி ஏழு மாசம் வாடகையே குடுக்காம இருந்து அட்வான்ஸைக் கழிச்சிட்டுப் போயிருலாமே, அண்ணாச்சி?" என்று கேட்டார், பலரும் சிரித்தார்கள். ஆனால் உண்மையில் பலர் செய்வது இதுதான். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்வது ஆபத்து. இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகும் கொடுக்காமல் இருப்பது, வெளியேற்றக் கோரும் வழக்குக்குச் சட்டமே ஒத்துக்கொண்ட காரணம். அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறதே என்பது அந்த வழக்கில் எளிதான பதிலாக அமையாது. கடைசி மூன்று மாதத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடித்திருந்தால், அந்தப் பேச்சை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி, சரி என்று பதில் வாங்கிவிட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. உரிமையாளர் தம் பக்கத்தில் எவ்வளவு நியாயம் இருப்பதாக நினைத்தாலும், தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதற்கும், பீஸைப் பிடுங்குவதற்கும், ஆள் இல்லாத நேரத்தில் வேறு பூட்டுப் போடுவதற்கும் அவருக்கு உரிமை கிடையாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை இந்தச் சட்டம் தனிப் பிரிவாகவே தடை செய்திருக்கிறது.

ஒத்தியைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் தனியாகச் சொன்னேன். நம் ஊரில் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திரும்பப் பெறும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பார்ப்பதற்கு இது பெரிய அட்வான்ஸ் போலத் தோன்றினாலும் சட்டத்தின் பார்வையில் சுவாதீன அடமானம். அதற்குச் சொத்து மாற்றுச் சட்டப்படி இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் தேவை. பத்திரத்தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்வது போதாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வீட்டின் மேல் உரிமையாளர் ஏற்கெனவே வங்கிக் கடன் வாங்கியிருப்பது. கடன் கட்டப்படாமல் வங்கி ஏலத்துக்கு வந்து நிற்கும்போதுதான் ஒத்திக்கு இருப்பவருக்குச் செய்தி தெரியவரும். ஒத்திப் பணம் கொடுக்கும் முன்பு அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அசல் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லியும் கேட்க வேண்டும். பத்திரம் வங்கியில் இருக்கிறது என்ற பதில் வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

பேசியும் அட்வான்ஸ் வரவில்லை என்றால் அடுத்த படி ஒரு கடிதம். வழக்கறிஞர் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த வீடு, எந்தத் தேதியில் குடி வந்து எந்தத் தேதியில் சாவி ஒப்படைக்கப்பட்டது, அட்வான்ஸ் எவ்வளவு, எந்த வழியில் கொடுக்கப்பட்டது, எந்தப் பிடித்தங்களை ஒப்புக்கொள்கிறோம், எவற்றை ஏன் மறுக்கிறோம், வர வேண்டியது எவ்வளவு, எத்தனை நாளில் எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்ப வேண்டும். அனுப்பிய ரசீதையும் கடிதத்தின் நகலையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். நான் கண்டவரையில் இந்தக் கடிதத்துக்குப் பிறகு பலர் இறங்கி வருகிறார்கள்.

அதற்கும் அசையாதவர்களிடம், நேராக வழக்குப் போடுவதற்கு முன்னால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் அங்கே மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் விவரம் கேட்கலாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முந்தைய நிலையிலேயே எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி, லோக் அதாலத்தில் சமரசம் எழுதப்பட்டால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. 17,750 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் அலைய முடியாத ஒரு தையல்காரப் பெண்ணுக்கு இந்த வழிதான் தாங்கும். அதில் முடியாதவற்றுக்கு வாடகை வழக்குகளுக்கென்று இந்தச் சட்டம் ஏற்படுத்திய வாடகை நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போகும்போது ஒப்பந்தத்தின் பதிவு எண்ணை முதலில் கேட்பார்கள் என்பதால், இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்த எண் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.